மழித்த முகத்துக்குத் தாடி, மொட்டைத் தலைக்கு முடி: படத்தில் நம்பும்படி வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா கடைசிப் பத்து வருசமா தாடியோடதான் இருந்தாரு. ஆனா கையில இருக்கிற நல்ல படம் பழைய பாஸ்போர்ட் சைஸ் ஒண்ணுதான், அதுல முகம் மழிச்சிருக்கு. பதினாறாம் நாளுக்கு ஃப்ரேம் போடணும். அவரு மாதிரியே தாடி வைக்க முடியுமா?

முடியும். ஆனால் அந்தப் பாஸ்போர்ட் படம் மட்டும் போதாது. அவருடைய தாடி எப்படி இருந்தது என்று காட்டும் இன்னொரு படம் வேண்டும். அது மங்கலாக இருக்கலாம், கூட்டத்தில் ஓரமாக நிற்கும் படமாக இருக்கலாம், கல்யாண வீடியோவிலிருந்து எடுத்த ஒரு காட்சியாகக்கூட இருக்கலாம். அதிலிருந்து முடியை வெட்டி எடுக்கப் போவதில்லை. கன்னத்தில் தாடி எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது, உதட்டோரத்தில் மீசையும் தாடியும் சேருகின்றனவா, நரை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

தாடியோடு படமே இல்லை என்று சொல்லும் வீடுகளில், அவர் சபரிமலைக்கு மாலை போட்ட வருடத்துப் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். மதுரைப் பக்கம் பல வீடுகளில் அப்படி ஒன்று இருக்கும். மண்டல விரதம் 41 நாள். தாடி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளரும். விரதம் முடியும் நேரத்தில் 12 முதல் 16 மில்லிமீட்டர் தாடி முகத்தில் இருக்கும். ஒருவருக்கு எங்கே அடர்த்தியாக வளர்கிறது, எங்கே வளர்வதே இல்லை என்பது அந்த நீளத்தில் தெளிவாகத் தெரிந்துவிடும். படம் இருபது வருடம் பழையது என்றாலும் முடி வளரும் எல்லை அவ்வளவாக மாறியிருக்காது. மாறியிருப்பது நிறம்தான்.

படத்தை வாட்ஸ்அப்ல அனுப்பினா போதுமா, இல்ல நேர்ல கொண்டு வரணுமா?

பிரிண்ட் கையில் இருந்தால் அதையே ஸ்கேன் செய்ய வேண்டும். செல்போனில் படம் பிடித்து அனுப்பினால் மேல்விளக்கின் வெளிச்சம் பளபளப்புத் தாளில் விழுந்திருக்கும், முகமும் சற்றுச் சாய்ந்திருக்கும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் சாதாரணப் படமாக அனுப்பாமல் Document ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். முதலில் காணாமல் போவது புருவத்திலும் தலையோரத்திலும் உள்ள நுண்ணிய விவரம். தாடி வைக்க நமக்கு அளவுகோலாக இருப்பதே அந்தப் புருவம்தான்.

பாஸ்போர்ட் சைஸ் பிரிண்டுக்கு 600 டிபிஐ போதும். 1200 வைத்தால் ஃபைல் பெருக்குமே தவிர, பிரிண்டிலேயே இல்லாத விவரம் வந்துவிடாது. ஸ்கேனர் கண்ணாடியையும் படத்தையும் மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். தாடையில் விழுந்த ஒரு தூசியை எடுக்க ஆகும் நேரம், துடைக்க ஆகும் நேரத்தைவிடப் பல மடங்கு.

நான் தாடி வரைஞ்சா ஒவ்வொரு முடியும் கம்பி கம்பியா நிக்குது. பிரஷ் எத்தனை பிக்சல் வைக்கணும்?

ஃபோட்டோஷாப்பில் பிரஷ் அளவை ஊகத்தில் வைக்கக் கூடாது. அதை முகத்தின் அகலத்திலிருந்து கணக்குப் போட்டு எடுக்க வேண்டும்.

வளர்ந்த ஒருவரின் முகம் கன்னத்துக்குக் கன்னம் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர், அதாவது 140 மில்லிமீட்டர். உங்கள் படத்தில் அதே அகலம் 1120 பிக்சல் என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 8 பிக்சல். ஒரு தாடி முடியின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். ஆக ஒரு முடி இந்தப் படத்தில் ஒரு பிக்சலுக்கும் குறைவு. அந்த இடத்தில் 4 பிக்சல் பிரஷ் எடுத்து வரைந்தால், அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நாரைக் கன்னத்தில் நட்டதாகிவிடும். கண்ணுக்குக் கம்பியாகத் தெரிவது அதனால்தான்.

தனி முடிக்கான பிரஷ் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கு தோராயமாகச் சொல்லும். அந்த முடி எவ்வளவு கூர்மையாகத் தெரியலாம் என்பதைப் புருவம் சொல்லும். புருவத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். முடிகள் தனித்தனியாகத் தெரிந்தால் தாடியிலும் தனித்தனியாகத் தெரியலாம். புருவம் ஒரே கருமையாக, ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று முடி தெரிகிற மாதிரி இருந்தால் தாடியும் அப்படித்தான் இருக்க வேண்டும். மங்கலான படத்தில் கூர்மையான தாடி வைப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. வரைந்தவர் எவ்வளவு அழகாக வரைந்தாரோ அவ்வளவுக்கு அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

தாடி எங்க ஆரம்பிச்சு எங்க முடியணும்? முடி எந்தப் பக்கம் சாயணும்?

காதோரக் கிருதாவிலிருந்து தொடங்குங்கள். அங்கே தலைமுடி எங்கே முடிகிறது, தாடி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. கிருதாவின் கீழ்முனையில் தலைமுடியின் அடர்த்தி குறைந்து தாடியாக இறங்கும். படத்தில் கிருதா கத்தியால் நேராக வெட்டியிருந்தால் முதலில் அந்த வெட்டை மறைத்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். இதை மறந்துவிடுகிறார்கள். காதுக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலம் வெறும் தோலாக நின்று, தாடி முகமூடி மாட்டியது போல் தெரிகிறது.

அங்கிருந்து கன்னத்தின் எல்லை உள்வளைவாக வாயோரம் நோக்கி இறங்கும். கடைக்குப் போய்க் கத்தி வைத்துச் சரிசெய்தவருக்கு அந்த எல்லை கூராக இருக்கும். அப்படிச் செய்யாதவருக்கு எல்லையே இருக்காது. மேலே போகப் போக முடி குறைந்து, கடைசி ஒரு சென்டிமீட்டரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். கிராமத்துப் பெரியவரின் தாடிக்கு அளவெடுத்த கூர்க்கோடு போட்டால் வீட்டார் பார்த்த உடனே வேண்டாம் என்பார்கள். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் அவர்கள் சொல்வது சரி.

கீழுதட்டுக்குக் கீழே நடுவில் ஒரு சிறு முடிக்கொத்து இருக்கும். அதன் இரண்டு பக்கமும் சிறிய வெற்றிடம் இருக்கும், பலருக்கு அங்கே முடி வளர்வதே இல்லை. இந்த இரண்டு வெற்றிடங்களையும் விட்டு வைத்தாலே தாடி பாதி உயிர் பெற்றுவிடும். மீசைக்கும் தாடிக்கும் நடுவே வாயோரத்திலும் பலருக்கு இடைவெளி உண்டு. மூக்குக்குக் கீழே உள்ள பள்ளத்தில் மீசை மெலிந்திருக்கும்.

சாய்வைச் சொன்னால், கன்னத்தில் முடி கீழ்நோக்கி இறங்கும். மோவாயில் நேர் கீழே. மீசையில் நடுப்பள்ளத்திலிருந்து இரண்டு பக்கமும் வெளியே விரிந்து சாயும். தாடைக்குக் கீழே கழுத்தில் பலருக்கு முடி மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ திரும்பியிருக்கும். எல்லா முடியையும் ஒரே திசையில் கீழே இழுத்துவிட்டால் சீப்பு வைத்து வாரிய நார் மாதிரி ஆகிவிடும். ஒரு திசையில் போகும் முடிகளுக்கு நடுவே பத்தில் இரண்டு சற்றுத் திரும்பிக் குறுக்காகப் போகட்டும்.

எதுக்குக் கஷ்டப்பட்டு வரையணும்? இணையத்துல தாடி தனியா வெட்டி வச்ச படம் கிடைக்குதே, அதை ஒட்டினா ஆகாதா?

ஒட்டலாம். ஆனால் இரண்டு விஷயம் பொருந்த வேண்டும்: முகத்தின் கோணமும் வெளிச்சம் வரும் பக்கமும். பழைய பாஸ்போர்ட் படங்கள் பெரும்பாலும் இரண்டு குடை விளக்குகளின் கீழ் எடுத்தவை. இரண்டு கன்னத்திலும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றாக விழுந்திருக்கும். இணையத்தில் கிடைக்கும் தாடிகளோ ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் இருட்டாகவும் எடுத்தவை. அதைத் தட்டையான வெளிச்சமுள்ள முகத்தில் வைத்தால் ஒரு கன்னம் மட்டும் இருட்டி நிற்கும். வெளிச்சம் எதிர்ப்பக்கம் இருந்தால் இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாம். மேலிருந்து வரும் வெளிச்சத்தையும் கீழிருந்து வரும் வெளிச்சத்தையும் அப்படிச் சரிசெய்ய வழியில்லை.

இதைவிட நல்ல வழி, தாடி வைத்த ஒருவரை அவர் சம்மதத்தோடு அதே கோணத்தில், அதே மாதிரி வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வது. வயதும் கிட்டத்தட்ட ஒத்துப்போகட்டும். இருபது வயதுக்காரரின் தாடி அறுபது வயது முகத்தில் உட்காராது.

ஒட்டும்போது மாஸ்க் போட்டு ஒவ்வொரு முடியாக வெட்ட வேண்டியதில்லை. தாடி லேயரின் Layer Style பெட்டியில் Blend If என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் This Layer என்ற பட்டையின் வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்துங்கள். வெளிச்சமான தோல் மறைந்து கறுத்த முடி மட்டும் நிற்கத் தொடங்கும். பிறகு Alt விசையை அழுத்திக்கொண்டு அந்த முக்கோணத்தை இரண்டாகப் பிரித்து இழுத்தால் மறையும் இடம் மென்மையாகும். கறுந்தாடிக்கு இது நன்றாக வேலை செய்யும். நரை கலந்த தாடிக்கு ஆகாது. தோலோடு சேர்ந்து நரைமுடியும் மறைந்துவிடும். அங்கே மாஸ்க்கும் பிரஷும்தான்.

சரி, அந்த பாஸ்போர்ட் படத்தையே எடுத்துக்கிட்டு, முதல்ல இருந்து கடைசி வரை எப்படிச் செய்யணும்னு சொல்லுங்க.

12க்கு 18 அங்குல ஃப்ரேம், 200 டிபிஐ என்று வைத்துக்கொள்வோம். கேன்வாஸ் 2400க்கு 3600 பிக்சல். 600 டிபிஐ ஸ்கேனில் முகம் ஏறக்குறைய 470 பிக்சல் அகலம் வரும், அதைப் பெரிதாக்கி 1120க்குக் கொண்டு வருகிறோம். மேலே போட்ட கணக்குப்படி ஒரு மில்லிமீட்டருக்கு 8 பிக்சல். வைக்க வேண்டிய தாடி ஒரு சென்டிமீட்டர் நீளம், ஆக 80 பிக்சல்.

முதல் வேலை தாடி இல்லை, மோவாயில் உள்ள பளபளப்பை அடக்குவது. மழித்த மோவாயிலும் மேலுதட்டிலும் விளக்கின் வெளிச்சம் வெள்ளையாகப் பட்டிருக்கும். அதன் மேல் முடியை வைத்தால் முடிகளுக்கு நடுவே அந்த வெள்ளை எட்டிப் பார்க்கும். புது லேயர் ஒன்றில், பக்கத்துத் தோல் நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷை 20 முதல் 30 சதவீத அடர்வில் வைத்து அந்தப் பளபளப்பைத் தணியுங்கள்.

இரண்டாவது, நிழல். முடிக்கு அடியில் தோல் இருட்டாக இருக்க வேண்டும். புது லேயரை Multiply ஆக்கி, 120 பிக்சல் மென்பிரஷில், படத்திலேயே தாடைக்குக் கீழ் விழுந்திருக்கும் நிழலின் நிறத்தை எடுத்துத் தாடி வரும் இடம் முழுக்கப் பூசுங்கள். லேயரின் அடர்வு 20 முதல் 25 சதவீதம். மோவாயில் கூடுதலாக, கன்னத்தின் மேல்விளிம்பில் ஒன்றுமில்லாமல் கரைவதாக இருக்கட்டும். இந்த நிலையில் பார்த்தால் மூன்று நாள் மழிக்காத முகமாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரியாவிட்டால் மேலே போகாதீர்கள், இதிலேயே சரிசெய்யுங்கள். மேலே எத்தனை முடி வரைந்தாலும் இந்த அடித்தளம் தப்பாக இருந்தால் ஒட்டாது.

மூன்றாவது, கொத்துகள். தாடி தனித்தனி முடியாகத் தெரிவதில்லை, சிறு சிறு கொத்துகளாகத் தெரிகிறது. 6 முதல் 10 பிக்சல் பிரஷ், 40 முதல் 60 சதவீத அடர்வு, 40 முதல் 80 பிக்சல் நீளத்துக்கு வேரிலிருந்து நுனியை நோக்கி இழுங்கள். பேனா டேப்லெட் இருந்தால் Shape Dynamics இல் Pen Pressure வைத்துக்கொள்ளுங்கள், நுனி தானாக மெலியும். மவுஸ் மட்டும் இருந்தால் கோட்டை இழுத்த பின் அதன் நுனியை மென்மையான அழிப்பானால் தேய்க்க வேண்டும். நுனி மழுங்கிய முடி எங்கே இருந்தாலும் கண்ணில் குத்தும்.

நிறத்துக்கு வண்ணப் பெட்டியின் கறுப்பைத் தொடாதீர்கள். பழைய கலர் பிரிண்ட் வெளுக்கும்போது கறுப்பு கறுப்பாக நிற்காது, பெரும்பாலும் செம்பழுப்பாகச் சாயும். அந்தப் படத்தின் தலைமுடியும் புருவமும் அப்படித்தான் இருக்கும். தாடி மட்டும் அசல் கறுப்பாக வந்தால் நேற்று வைத்ததென்று சொல்லிக் கொடுத்துவிடும். புருவத்தின் மிக இருண்ட இடத்தில் ஒரு நிறம், தலைமுடியின் வெளிச்சப் பகுதியில் ஒரு நிறம், இரண்டுக்கும் நடுவே ஒன்று. இந்த மூன்று போதும்.

நான்காவது, முகத்தின் வடிவம். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். தாடியை முகத்தின் விளிம்புக்குள்ளேயே அடைத்துவிடுகிறார்கள். ஒரு சென்டிமீட்டர் தாடி வைத்தவருக்கு மோவாய் ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கித்தான் தெரியும். ஆகவே மோவாய்க்குக் கீழே 60 முதல் 80 பிக்சல் வரை முடி வெளியே வந்து கழுத்தையும் சட்டைக் காலரின் மேல்முனையையும் கொஞ்சம் மறைக்க வேண்டும். தாடையின் மூலையில் பக்கவாட்டில் 15 முதல் 25 பிக்சல் வெளியே வந்தால் போதும், அங்கே முடி கீழ்நோக்கிப் படிந்திருக்கும். மோவாய் இறங்கினால் கழுத்தில் விழும் நிழலும் இறங்க வேண்டும். பழைய நிழலை அப்படியே விட்டால் தாடி கழுத்துக்கு முன்னால் மிதக்கும்.

பின்னணிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகள் முழு அடர்வில் இருக்கக் கூடாது. நீலத் திரைக்கு முன் எடுத்த படமென்றால் அந்த மெல்லிய நுனிகளில் நீலம் கொஞ்சம் ஊடுருவித் தெரியும். 50 சதவீத அடர்வில் வரைந்தாலே அது நடந்துவிடும்.

ஐந்தாவது, தனி முடிகள். 2 பிக்சல் பிரஷில், விளிம்பிலும் கன்னத்தின் மேல்பகுதியிலும் மட்டும். நடுவில் தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு வெளிர்நிறமாக இருக்கட்டும்.

கடைசியாக, எல்லா முடி லேயர்களையும் ஒரே குழுவாக்கி Smart Object ஆக மாற்றி, Gaussian Blur ஐ 1 பிக்சலில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். புருவமும் தாடியும் ஒரே கூர்மைக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். இந்த அளவுக்குப் பெரிதாக்கிய பாஸ்போர்ட் படத்தில் அது 1.5க்கும் 2.5க்கும் நடுவே எங்காவது வரும். மங்கலாக்கும்போது புள்ளித்தன்மை போய்விடும், ஆகவே அதன் மேல் Add Noise, Gaussian, Monochromatic, 2 அல்லது 3 சதவீதம். நெற்றித் தோலில் தெரியும் புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து வையுங்கள்.

எல்லாம் செஞ்சாச்சு, ஆனா நாடகத்துல ஒட்டுன தாடி மாதிரி இருக்கு. எங்க தப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

படத்தை இடவலமாகத் திருப்பி, 25 சதவீதத்துக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல் அப்போது தெரியும்.

சிறிதாக்கிய படத்தில் தாடி ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரிந்தால் அடர்த்தி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறது என்று பொருள். கன்னத்தில் மாஸ்க் போட்டுக் குறையுங்கள். சிறிதில் நன்றாக இருந்து பெரிதாக்கினால் கெட்டால் கோளாறு கூர்மையிலோ முடியின் தடிமனிலோ இருக்கிறது. முகத்தைவிட்டு முன்னால் நிற்பதுபோல் இருந்தால் அடிநிழல் போதவில்லை. அதைக் கண்டுபிடிக்க, முடி லேயர்களை அணைத்துவிட்டு நிழல் லேயரை மட்டும் பாருங்கள்.

இன்னொரு சோதனை: மேலே ஒரு லேயர் வைத்துப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். கறுப்பு வெள்ளையில் தாடி சரியாக உட்கார்ந்து கலரில் உட்காராவிட்டால் நிறத்தை மட்டும் திருத்தினால் போதும். வரைந்ததை அழிக்க வேண்டியதில்லை.

இரண்டு பக்கமும் அச்சுப் பதித்ததுபோல் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பாதியை வரைந்து திருப்பி மறுபாதியில் வைப்பது வேலையைக் குறைக்கும், ஆனால் எந்த முகத்திலும் தாடி அப்படி வளராது.

நரைத்த தாடின்னா வெள்ளை பிரஷ் எடுத்துப் போட்டுடலாமா?

கறுந்தாடியை முடித்துவிட்டு, அதற்கு மேல் நரையை இடம் பார்த்துக் கலக்க வேண்டும். நரை சீராகப் பரவுவதில்லை. பலருக்கு முதலில் மோவாயில் விழும், மீசையும் கன்னமும் அதற்குப் பிறகு. ஆகவே மோவாயில் பாதிக்கு மேல், கன்னத்தில் நாலில் ஒன்று, மீசையில் அங்கங்கே என்று தொடங்கி, வீட்டார் கொடுத்த இன்னொரு படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

நிறம் வெள்ளை அல்ல. படத்தில் மிக வெளிச்சமான பொருள் பெரும்பாலும் வெள்ளைச் சட்டைக் காலர். நரைமுடி அதைவிட இரண்டு படி மங்கலாக, சாம்பல் சாய்ந்து இருக்க வேண்டும். முழுக்க நரைத்த தாடிக்கும் அடியில் இருண்ட நிழல் வேண்டும். அது இல்லாமல் வெள்ளையை மட்டும் பூசினால் மாவு அப்பிய முகம்தான் வரும்.

குலசாமி கோயில்ல மொட்டை போட்டப்ப எடுத்த படத்துலதான் முகம் நல்லா சிரிச்சாப்ல இருக்கு. தலையில முடி வைக்க முடியுமா?

மொட்டைப் படம் உண்மையில் வசதியானது. முடியின் எல்லை எங்கே என்று அந்தத் தலையே சொல்லிவிடும். வெயில் பட்டுக் கறுத்த நெற்றிக்கும், இதுவரை முடிக்குள் இருந்த வெளிறிய தோலுக்கும் நடுவே ஒரு நிற மாற்றம் தெரியும். இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்த படமானால் முளைத்த முடி நீலச்சாம்பலாக அந்த எல்லையைக் காட்டும். தலையில் சந்தனம் பூசியிருந்தால்தான் சிக்கல். சந்தனம் எல்லையை மூடிவிடும், அதன் மஞ்சள் நெற்றியோரத்திலும் காது மேலும் படிந்திருக்கும். முதலில் அந்த மஞ்சளை நீக்க வேண்டும். எல்லைக்கு அவருடைய வேறொரு படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முடியை அவருடைய பழைய படத்திலிருந்தே எடுப்பது நல்லது. அளவுக்கு இரண்டு காதுகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு படத்திலும் காதுக்குக் காது உள்ள அகலம் ஒன்றாகும்வரை முடிப்படத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ, காதுகள் ஒன்றின் மேல் ஒன்று வரும்படி வையுங்கள். தலை ஒரு படத்தில் நிமிர்ந்தும் மற்றதில் குனிந்தும் இருந்தால் அந்த முடி வேண்டாம், Warp வைத்து இழுத்துச் சரிக்கட்டுவது பலிக்காது.

முடிக்குக் கனம் உண்டு. பக்கவாட்டில் சீவிய சாதாரண முடியே மண்டைக்கு மேல் ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் உயரும். நம் கணக்கில் அது 120 முதல் 160 பிக்சல். படம் தலைக்கு மேல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தால் முதலில் கேன்வாஸை மேலே நீட்டிப் பின்னணியை நிரப்ப வேண்டும். மொட்டையின் உச்சியில் மின்னும் வெளிச்சப் புள்ளியும் முழுக்க மூடப்பட வேண்டும்.

கவனமாகச் செய்ய வேண்டிய இடம் நெற்றியோரம். முதல் அரை சென்டிமீட்டரில் முடி மெல்லியதாக, குறைவாக, தோல் தெரியும்படி இருக்கும். அடர்ந்த முடி அதற்குப் பின்னால்தான் தொடங்கும். நெற்றிப்பொட்டுப் பக்கம் எல்லை பின்வாங்கிப் போகும், அதை நேராக்கிவிடக் கூடாது. வெட்டி எடுத்த முடியின் மாஸ்க்கை அந்த இடத்தில் மென்மையாக்கி, 2 பிக்சல் பிரஷில் இருபது முப்பது சிறு முடிகளை முன்னால் நீட்டுங்கள். அதோடு நெற்றியில் முடியின் நிழல் 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு Multiply லேயரில் 15 சதவீதம் விழட்டும்.

பிளெக்ஸுக்குப் போற படத்துக்கும் இவ்வளவு வேலை செய்யணுமா?

வேண்டியதில்லை. சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிற பதாகையில் தனி முடி தெரியாது. அடிநிழல், கொத்துகள், முகத்தின் வெளிவடிவம் மூன்றும் சரியாக இருந்தால் போதும். பிளெக்ஸில் இருண்ட பகுதிகள் பெரும்பாலும் இன்னும் இருண்டு ஒன்றாகக் கட்டிக்கொள்ளும். தாடி கரிக்கட்டியாக ஆகாமல் இருக்க, திரையில் பார்ப்பதைவிட ஒரு படி வெளிறலாக வைத்து அனுப்புங்கள். கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டும் படம் அப்படியல்ல, அதை ஓரடி தூரத்தில் நின்று பார்ப்பார்கள்.

முடி வச்ச படத்தையே பாஸ்போர்ட்டுக்கும் பரீட்சை விண்ணப்பத்துக்கும் கொடுக்கலாமா?

கூடாது. அடையாளத்துக்கான படத்தில் முகத்தை மாற்றக் கூடாது. அதற்குப் புதிதாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்ல காட்டினோம். அம்மா பார்த்துட்டு "நல்லாத்தான் இருக்கு, ஆனா அவரு இல்லை"ங்கிறாங்க. என்ன செய்யலாம்?

அம்மாவிடம் தாடி எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் தவிப்பார். அதற்குப் பதிலாக ஒன்றுக்கொன்று ஒரே ஒரு வித்தியாசமுள்ள இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து எது கிட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். முதலில் மீசை மேலுதட்டை மறைப்பது ஒன்று, மறைக்காதது ஒன்று. வாயின் வடிவம் மாறினால் சிரிப்பே மாறிவிடும், ஆகவே தகராறு பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். அது ஒத்துவந்தால் அடுத்து கன்னத்தின் எல்லை அரை சென்டிமீட்டர் மேலே ஒன்று, கீழே ஒன்று. பிறகு நீளம்.

இதைச் செய்ய லேயர்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். மீசை ஒரு குழு, கன்னம் ஒரு குழு, மோவாய் ஒரு குழு, நரை ஒரு குழு. எல்லாவற்றையும் ஒன்றாக்கி JPG ஆக மட்டும் வைத்திருந்தால் அம்மா சொல்லும் ஒரு சின்னத் திருத்தத்துக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். PSD ஃபைலை ஃப்ரேம் மாட்டிய பிறகும் வைத்திருங்கள். முதல் வருட நினைவஞ்சலிக்கு அதே படத்தைக் கேட்டு வருவார்கள், அப்போது வேறு அளவில் வேண்டியிருக்கும்.